இரண்டாவது வெர்னியர் எதற்கு?

நிறமாலைமானி சோதனையில் மாணவர்கள் பலர் முதல் வெர்னியரைக் கவனமாகப் படிக்கிறார்கள். இரண்டாவதற்கு வந்ததும் முதல் அளவீட்டோடு 180° கூட்டி எழுதிவிடுகிறார்கள். பதிவேட்டைப் பார்த்த உடனே எனக்கு அது தெரிந்துவிடும். எல்லா வரியிலும் வித்தியாசம் துல்லியமாக 180° என்றே இருக்கும். உண்மையான கருவி அப்படி ஒத்துப்போவது அரிது.

முதலில் மீச்சிற்றளவு. எங்கள் ஆய்வகக் கருவிகளில் முதன்மை அளவுகோலின் ஒரு பிரிவு அரைப் பாகை, அதாவது 30 நிமிடம். வெர்னியரின் 30 பிரிவுகள் முதன்மைக் கோலின் 29 பிரிவுகளுக்குச் சமம். ஆகவே ஒரு வெர்னியர் பிரிவு 29 நிமிடம், மீச்சிற்றளவு 1 நிமிடம். ஆனால் 20 நிமிடப் பிரிவும் 60 வெர்னியர் பிரிவுகளும் கொண்ட கருவியும் உண்டு. அதில் மீச்சிற்றளவு 20 விநாடி. பழக்கத்தில் ‘1 நிமிடம்’ என்று எழுதாமல், கருவியை எடுத்ததும் கோடுகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இனி ஒரு முப்பட்டகக் கோணத்தைப் பார்ப்போம். இரு முகங்களிலும் எதிரொளிக்கும் பிளவின் பிம்பத்தைத் தொலைநோக்கியால் பிடிக்கிறோம். தொலைநோக்கி நகரும் கோணம் முப்பட்டகக் கோணத்தின் இருமடங்கு. முதல் வெர்னியர் ஒரு பக்கம் 62° 44′, மறுபக்கம் 182° 48′ காட்டுகிறது. வித்தியாசம் 120° 4′. இரண்டாம் வெர்னியர் 242° 48′ காட்டி, பிறகு சுழியைத் தாண்டி 2° 44′ காட்டுகிறது. சுழியைத் தாண்டியதால் 360° சேர்த்து 362° 44′ என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வித்தியாசம் 119° 56′. சராசரி 120°, முப்பட்டகக் கோணம் 60°.

முதல் வெர்னியரை மட்டும் நம்பியிருந்தால் 60° 2′ வந்திருக்கும். ஒளிவிலகல் எண் 1.52 அளவில் உள்ள கண்ணாடிக்கு, இந்த 2 நிமிடம் மட்டுமே விடையின் நான்காம் தசமத்தை ஏறக்குறைய 4 அலகு மாற்றிவிடும்.

ஒன்று 4 நிமிடம் கூட்டியும் மற்றது 4 நிமிடம் குறைத்தும் காட்டியது தற்செயல் அல்ல. சுழலும் அச்சும், கோடுகள் பொறித்த வட்டத்தின் மையமும் ஒரே புள்ளியில் இல்லாததே காரணம். 75 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தில் இவை 0.05 மி.மீ. விலகியிருந்தாலே இந்தப் பிழை வரும். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை!

இரண்டு வெர்னியர்களையும் இணைக்கும் கோடு சுழலும் அச்சின் வழியே போகிறது. ஆகவே அது வட்டத்தின் ஒரு நாண். தொலைநோக்கியைத் திருப்பியதும் அச்சில் முதல் நாணை வெட்டும் இன்னொரு நாண் கிடைக்கிறது. வட்டத்துக்குள் இரு நாண்கள் வெட்டிக்கொண்டால், அவற்றுக்கு இடைப்பட்ட கோணம் எதிரெதிர் விற்களின் சராசரி. இது பள்ளி வடிவியல் தேற்றம். நாம் படிக்கும் இரு வித்தியாசங்களும் அந்த இரு விற்களே. ஆகவே சராசரி தருவது தோராயமான திருத்தம் அல்ல, அச்சிலேயே அமையும் சரியான கோணம். மாணவர்களிடம் இதை வட்டம் வரைந்து காட்டும்போதுதான் இரண்டாவது வெர்னியரை மனதாரப் படிக்கத் தொடங்குகிறார்கள்.

சராசரி எடுக்க வேண்டியது வித்தியாசங்களைத்தான், 62°-ஐயும் 242°-ஐயும் அல்ல. ஒவ்வொரு வரியிலும் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துப் பார்க்கும் வழக்கத்தை நான் வற்புறுத்துவேன். மேலே உள்ள கணக்கில் அது ஓரிடத்தில் 180° 4′, மறு இடத்தில் 179° 56′. வட்டத்தைச் சுற்றிவர இது மெதுவாக ஏறி இறங்கினால் மையப் பிறழ்வு. எங்கும் 180° 3′ என்று ஒரே அளவில் நின்றால் வெர்னியர்கள் நேரெதிரே பொருத்தப்படவில்லை என்று பொருள். அது வித்தியாசம் எடுக்கும்போது கழிந்துவிடும், கவலை வேண்டாம். திடீரென்று 180° 34′ வந்தால் யாரோ அரைப் பாகைக் கோட்டைத் தவறவிட்டு, 62° 44′-ஐ 62° 14′ என்று எழுதியிருக்கிறார்கள். தொலைநோக்கியை அசைக்காமல் அங்கேயே மறுபடி படிக்கலாம். இந்தப் பிழையை ஒரே வெர்னியரால் கண்டுபிடிக்கவே முடியாது.

இந்தச் சராசரி மையப் பிறழ்வை மட்டுமே நீக்கும். முப்பட்டக மேடை சமமட்டமாக இல்லாவிட்டால் இரண்டு வெர்னியரும் ஒரே தவறான கோணத்தைத்தான் சொல்லும். எங்கள் கருவியில் வெர்னியர்கள் மேடையோடு இணைந்தவை. இரு பிம்பங்களுக்கு நடுவே மேடையின் திருகு தளர்ந்து அது நகர்ந்தால் அந்த வரிசை முழுவதையும் அடித்துவிட்டு, முதல் பிம்பத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டியதுதான்.