இருமும்போது தலை வலிக்கிறதா? ஸ்கேன் எப்போது தேவை?

இருமும்போதோ தும்மும்போதோ, சில சமயம் வாய்விட்டுச் சிரிக்கும்போதோ, பின்தலையில் ‘சுளீர்’ என்று ஒரு வலி வந்து போவதாகச் சொல்பவர்கள் உண்டு. மலம் கழிக்க முக்கும்போதும் குனிந்து அரிசி மூட்டையைத் தூக்கும்போதும் அதே வலி வரலாம். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுவதால் பலர் இதை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. வேறு சிலர் மூளையில் கட்டி வந்துவிட்டதோ என்று பயந்து இரவெல்லாம் தூங்காமல் இருக்கிறார்கள்.

முதலில், இந்த வலி ஏன் வருகிறது என்று பார்ப்போம். இருமும்போது நெஞ்சும் வயிறும் இறுகுகின்றன. தலையிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் ஒரு கணம் தடைபட்டு, மண்டைக்குள் அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. மூளையைச் சுற்றியுள்ள நீர் முதுகுத்தண்டுப் பக்கமாக இறங்கி அந்த அழுத்தத்தைச் சமாளித்துவிடும். அதனால்தான் நம்மில் பெரும்பாலோருக்கு இருமினால் தலை வலிப்பதில்லை. சிலருக்கு எந்த நோயும் இல்லாமலேயே இந்த அழுத்தம் வலியாகத் தெரியும். இந்தத் தீங்கில்லாத வகை பெரும்பாலும் 40 வயதைக் கடந்தவர்களுக்கு வரும்.

இன்னும் சிலருக்கு நீர் இறங்கும் வழியில் உண்மையிலேயே அடைப்பு இருக்கும். சிறுமூளையின் அடிநுனி, மண்டை ஓட்டின் அடியிலுள்ள துளை வழியாகக் கழுத்துப் பக்கம் இறங்கி, போத்தல் வாயில் தக்கை செருகியதுபோல் அடைத்துக்கொள்ளும். இதற்குச் சியாரி குறைபாடு என்று பெயர். இருமல் தலைவலிக்காக மருத்துவர்களிடம் வருவோரில் பத்தில் ஏறக்குறைய நால்வருக்கு இப்படி ஏதாவது ஒரு காரணம் தெரியவருகிறது. அதில் சியாரிதான் அதிகம். வயது கூடக்கூட தீங்கில்லாத வகைக்கே வாய்ப்பு அதிகம். ஆனாலும் வலியின் தன்மையை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே, முதன்முதலாக வரும் இருமல் தலைவலிக்கு ஒருமுறையாவது எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே சரியான வழி. வேறு அறிகுறிகள் இல்லையென்றால் அன்றே எடுக்க வேண்டிய அவசரமில்லை. சில வாரங்கள் காத்திருந்து, கிடைக்கும் தேதியில் எடுத்துக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் 69 வயதுப் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இரண்டு மாதமாக வறட்டு இருமல். ஒவ்வொரு முறை இருமும்போதும் பின்தலையின் இரு பக்கமும் வலித்து, அரை நிமிடத்தில் மறைந்துவிடுகிறது. காலையில் ஃபேரர் பார்க் பக்கம் நடக்கும்போது வலி இல்லை.

பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் முதலில் கேட்பது வலியைப் பற்றி அல்ல. “ஐயா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்றுதான் கேட்கிறார். மூன்று மாதத்துக்கு முன் ரத்த அழுத்தத்துக்காக எனலாப்ரில் தொடங்கியிருப்பது தெரிகிறது. எனலாப்ரில், லிசினோப்ரில் போன்ற ‘ப்ரில்’ என்று முடியும் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும். அடுத்து, அண்மையில் எங்காவது விழுந்தாரா, நடை தள்ளாடுகிறதா, கை மரத்துப்போகிறதா, விழுங்கச் சிரமமா, பார்வை மங்குகிறதா என்று கேட்கிறார். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி விழித்திரையைப் பார்க்கிறார். அறைக்குள் நடந்து காட்டச் சொல்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது.

பெரியவருக்கு இரண்டு காரியங்கள் நடக்கின்றன. மாத்திரை லோசார்ட்டானுக்கு மாற்றப்படுகிறது. இருமல் சில வாரங்களில் அடங்குகிறது. எம்ஆர்ஐ எடுக்க, நொவீனாவில் உள்ள தேசிய நரம்பியல் மருத்துவக் கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் தரப்படுகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இருமல் போனதும் தலைவலியும் பெரும்பாலும் போய்விடுகிறது. இங்கே ஒரு வார்த்தை: இருமல் வருகிறது என்று ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மாற்று மாத்திரை இருக்கிறது. அதை மருத்துவர்தான் தர வேண்டும்.

இருமல் நின்ற பிறகும் தும்மல், முக்கல் என்று வலி தொடர்ந்தால் இந்தோமெதாசின் என்ற மாத்திரை பலருக்குக் கைகொடுக்கும். ஆனால் அது வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கக்கூடியது. நீரிழிவு உள்ளவர்களும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

“தலைக்கு எக்ஸ்ரே எடுத்தேனே, போதாதா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், மூளை தெரியாது. சிடி ஸ்கேன் ரத்தக்கசிவை நன்றாகக் காட்டும். ஆனால் பின்தலையும் கழுத்தும் சேரும் இடத்தைத் தெளிவாகப் பார்க்க எம்ஆர்ஐதான் வேண்டும். அதில் கதிர்வீச்சு இல்லை. சத்தம் மட்டும் பலமாக இருக்கும். இதயத்தில் கருவி பொருத்தியிருந்தால் ஸ்கேன் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நடக்கும்போது, படியேறும்போது வலித்தால்

உடற்பயிற்சியின்போது தலை விண்விண்ணென்று தெறித்து, ஓய்வெடுத்த பிறகும் சில மணி நேரம் நீடிக்கும் ஒரு வகை உண்டு. நம் ஊர் வெயிலில் வேகமாக நடந்தால் அது எளிதில் தூண்டப்படும். ஆனால் அது பெரும்பாலும் இளையவர்களுக்கு வருவது. 50 வயதுக்குப் பிறகு இது புதிதாகத் தொடங்கினால் வெயில் என்று சொல்லி விட்டுவிட வேண்டாம்.

மேம்பாலப் படியேறினால் தலைவலி, நின்று ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது என்றால், கோளாறு தலையில் இல்லாமல் இதயத்தில் இருக்கலாம். இதயத்துக்குப் போதிய ரத்தம் கிடைக்காதபோது அபூர்வமாகச் சிலருக்கு நெஞ்சு வலிக்காமல் தலை வலிக்கும். மூளை ஸ்கேனில் இது தெரியாது. இதயத் துடிப்புப் பதிவும், நடைப்பொறியில் நடக்கவைத்துச் செய்யும் சோதனையும் தேவைப்படும். பரிசோதனை முடியும்வரை பயிற்சியை நிறுத்தி வையுங்கள்.

தாமதிக்கக் கூடாத இரண்டு நிலைகள்

ஒன்று: வாழ்நாளில் இதுவரை அனுபவித்திராத கடும் வலி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டி, அப்படியே நின்றுவிட்டால் உடனே 995-ஐ அழையுங்கள். இருமல் தலைவலியும் திடீரென்றுதான் வரும், ஆனால் வந்த வேகத்தில் இறங்கத் தொடங்கிவிடும். இறங்காமல் இருப்பதும், கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம் ஏற்படுவதும் மூளையில் ரத்தநாளம் வெடித்ததன் அடையாளமாக இருக்கலாம். முதல் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் சிடி ஸ்கேனில்தான் அந்தக் கசிவு மிகத் தெளிவாகத் தெரியும். தைலம் தடவிக்கொண்டு விடியும்வரை காத்திருந்தால் அந்த நேரம் கைநழுவிவிடும்.

இரண்டாவது நிலை மெதுவாக வரும். குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும், விழுந்ததே மறந்துபோயிருக்கும். இப்போது இருமினாலும் குனிந்தாலும் தலை வலிக்கிறது, பகலில் தூக்கம் தூக்கமாக வருகிறது, நடை தடுமாறுகிறது. மூளையின் மேற்புறத்தில் ரத்தம் சிறுகச் சிறுகக் கசிந்து தேங்கியிருக்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அன்றே மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பேச்சிலும் நினைவிலும் ஏற்படும் மாற்றத்தை உங்களைவிட உடனிருப்பவர்களே முதலில் கவனித்திருப்பார்கள் என்பதால், மகனையோ மகளையோ கூட அழைத்துச் செல்வது நல்லது.