முதுகில் ஒரு கட்டி: விட்டுவைக்கலாமா, எடுக்கலாமா, கீறலாமா?

தோலுக்கடியில் கட்டி என்று போய் நின்றால் டாக்டர் முதலில் கேட்பது, “எத்தனை நாளா இருக்கு?” என்பதுதான். பாதி விடை அந்தக் கேள்வியிலேயே வந்துவிடும். மூன்று நான்கு நாளில் வீங்கி, சிவந்து, இரவில் தூங்கவிடாமல் விண்விண்ணென்று தெறித்தால் அது சீழ்க்கட்டி. வருஷக்கணக்கில் வலியே இல்லாமல் மெல்ல வளர்ந்திருந்தால் அநேகமாக லைபோமா எனும் கொழுப்புக் கட்டி, அல்லது செபேசியஸ் சிஸ்ட்.

மீதி விடையை விரல் சொல்லும். கொழுப்புக் கட்டியின் ஓரத்தை விரல்நுனியால் அழுத்தினால் அது நழுவி அப்பால் போகும். மெத்தென்று இருக்கும். மேலே உள்ள தோலைத் தனியாகக் கிள்ளித் தூக்க முடியும், ஏனென்றால் கட்டி தோலோடு ஒட்டியிருப்பதில்லை. சிஸ்டும் அசையும், ஆனால் தோலோடு சேர்ந்து அசையும். கொஞ்சம் இறுக்கமாக, உருண்டையாக இருக்கும். வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் அதன் மேல் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளி தெரியலாம். அந்த இடத்தில்தான் அது தோலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பது உதிர்ந்த தோல் செதில்கள். வெளியே வந்தால் புளித்த மாவுபோல வெள்ளையாக, கெட்ட வாடையோடு இருக்கும். தலையில் வரும் சிஸ்டில் பெரும்பாலும் இந்தப் புள்ளி இருக்காது. சீழ்க்கட்டியோ நகராது. புறங்கையை வைத்தால் சுடும். சுற்றிலும் கெட்டியாகவும் நடுவில் தளதளவென்றும் இருக்கும்.

கொழுப்புக் கட்டி என்று உறுதியானால் விட்டுவைப்பதே பெரும்பாலும் நல்ல முடிவு. நெய்யை நிறுத்தினாலும் உடம்பு இளைத்தாலும் அது கரையாது. கரைக்கிறேன் என்று யாராவது எண்ணெயோ கஷாயமோ கொடுத்தால் காசுதான் கரையும். பெல்ட் உரசும் இடத்திலோ சுமை தூக்கும் தோளிலோ இருந்து தொந்தரவு கொடுத்தால் எடுத்துவிடலாம். ஆனால் 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, சில மாதங்களில் விறுவிறுவென்று வளர்ந்தாலோ, கெட்டியாகி அசையாமல் நின்றாலோ, தொடையில் தசைக்குள் ஆழமாக இருந்தாலோ, ஸ்கேன் எடுக்காமல் கத்தி வைக்கச் சம்மதிக்காதீர்கள். அபூர்வமாக அது கொழுப்புத் திசுவின் புற்றுநோயாக இருக்கக்கூடும். அதற்கு அறுவை முறையே வேறு.

சிஸ்ட் விஷயத்தில்தான் பலரும் தவறான நேரத்தில் தவறானதைச் செய்கிறார்கள். தாராவி 90 அடி சாலைப் பக்கம் நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து உட்காரும் நாற்பது வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். முதுகில் கொண்டைக்கடலை அளவில் ஒரு உருண்டை பல வருஷமாக இருக்கிறது. நடுவில் கறுப்புப் புள்ளி. மழைக்காலத்துப் புழுக்கத்தில் அது அரிக்க, வீட்டில் யாரோ அழுத்திப் பிதுக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் வெள்ளையாக வெளியே வருகிறது. ஆனால் உள்ளே பையின் சுவர் கிழிந்து, மிச்சம் சதைக்குள் சிந்திவிடுகிறது. உடம்பு அதை வேற்றுப்பொருளாகப் பார்த்து எதிர்க்கிறது. மூன்றாம் நாள் எலுமிச்சை அளவுக்குச் சிவந்து வீங்கி, சட்டை பட்டாலே வலிக்கிறது. சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பூசிப் பழுக்க வைத்தால் தோல் வெந்து புண்ணாவதுதான் மிச்சம்.

இந்த நிலையில் அவர் டாக்டரிடம், “முழுசா எடுத்துடுங்க, திரும்ப வரக்கூடாது” என்பார். டாக்டர் மறுத்தால் அது சரியான மறுப்பு. வீங்கிய நேரத்தில் பையின் சுவர் நைந்து, சுற்றியுள்ள சதையோடு கலந்து கிடக்கும்; முழுதாகப் பிரியாது. சுவரில் ஒரு துண்டு தங்கினாலும் சிஸ்ட் மறுபடி வளரும். அதனால் இப்போதைக்குச் சீழ் கோத்திருந்தால் கீறி வடிப்பது மட்டும்தான். சீழ் இல்லாத வெறும் வீக்கமானால் அதுகூட வேண்டியதில்லை. எல்லாம் ஆறி, நாலிலிருந்து ஆறு வாரம் கழித்து, மரத்துப்போகும் ஊசி போட்டு முழுப் பையையும் எடுக்கலாம். பெரும்பாலும் அரை மணி நேர வேலை. அன்றே வீடு திரும்பலாம். முதுகுத் தையலை 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். இத்தனை அலைச்சலும் வேண்டாம் என்றால், உரசும் இடத்தில் உள்ள சிஸ்டை அது சும்மா இருக்கும்போதே எடுத்துவிடுவதுதான் என் கணக்கில் நல்லது. தொந்தரவில்லாத இடத்தில் இருந்தால் அப்படியே விடலாம், பிதுக்காமல்.

சீழ்க்கட்டிக்குத் தேர்வு குறைவு. சீழ் கோத்துவிட்டால் மாத்திரை மட்டும் போதாது. திறந்து வடிக்க வேண்டும். வடித்த காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டுத் தினமும் கட்டுப்போடுவது வழக்கம். தைக்கவில்லையே என்று பயப்பட வேண்டாம். மேலே மூடினால் உள்ளே மறுபடி சீழ் சேரும். பிடரியில் பல கண் வைத்துப் பிளவை வந்தாலோ, அடிக்கடி கட்டி வந்தாலோ அன்றே சர்க்கரை பாருங்கள். தனக்குச் சர்க்கரை இருப்பதையே பலர் அப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள். குளிர்காய்ச்சல், பரவும் சிவப்பு, கறுக்கும் தோல், கண் வரை ஏறும் முகவீக்கம் இவற்றில் எது இருந்தாலும் இரவானாலும் கேஷுவாலிட்டிக்குப் போக வேண்டும்.

நெருக்கமான வீடுகளும் காசநோயும் சேர்ந்தே இருக்கும் மும்பையில், இந்த மூன்றிலும் அடங்காத ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கழுத்திலோ விலா மேலோ முதுகெலும்பின் அருகிலோ மெத்தென்று ஒரு வீக்கம். சுடுவதில்லை, சிவப்பதில்லை, பெரிதாக வலிப்பதுமில்லை. கொழுப்புக் கட்டி என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் வருஷக்கணக்கில் இல்லாமல் சில வாரங்களிலோ இரண்டு மூன்று மாதத்திலோ வந்திருக்கும். இது காசநோயால் சேரும் குளிர்ந்த சீழ். சாயங்காலக் காய்ச்சலோ எடைக் குறைவோ கூடவே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதைச் சாதாரணச் சீழ்க்கட்டி என்று தெருமுனை கிளினிக்கில் கீறிவிட்டால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் நீராக வடிந்துகொண்டிருக்கும். ஸ்கேன் பார்த்து, ஊசியால் சீழை உறிஞ்சி, சிபிநாட் சோதனைக்கு அனுப்புவதே முறை. காசநோய் என்று வந்தால் குறைந்தது 6 மாத மாத்திரை. அரசு மையங்களில் இலவசம்.

தொடையிடுக்கில் உள்ள வீக்கம் இருமும்போது புடைத்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அங்கே யாரையும் கத்தி வைக்க விடாதீர்கள். மார்பகக் கட்டிக்கு இந்தக் கட்டுரையின் எந்த அடையாளமும் பொருந்தாது, நேரே அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்டவும்.

தாராவிக்காரர்களுக்கு முதலில் காட்டிக்கொள்ள ‘சோட்டா சயான்’ என்று சொல்லும் நகர்ப்புறச் சுகாதார மையம் பக்கத்தில் இருக்கிறது. மாட்டுங்கா லேபர் கேம்ப்காரர்களுக்குச் சயான் மருத்துவமனையே தொலைவில்லை. செம்பூர் ஆட்கள் கோவண்டி சதாப்திக்குப் போகலாம். காலையில் சர்ஜரி ஓபிடியில் கேஸ் பேப்பர் எடுத்து, கட்டி எப்போது வந்தது, அழுத்தியதுண்டா, சர்க்கரை உண்டா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எடுத்த கட்டியைப் பயாப்சிக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். தையல் பிரிக்கப் போகும் நாளில் ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று விசாரித்து, அதையும் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.