மேல்தொட்டி மோட்டாருக்கு இரண்டு மிதவைகள்

மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த ஒரு மிதவை ஸ்விட்சு போதுமென்று அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். கீழ்த்தொட்டி வற்றிவிட்டால் மேல்தொட்டி நிரம்புவதில்லை. ஆகவே அந்த மிதவை மோட்டாரை நிறுத்தவும் செய்யாது. நீரின்றிச் சுழலும் பம்பின் ஸீல் உராய்வுச் சூட்டில் கருகிவிடும். ஆகையால் கீழ்த்தொட்டியிலும் ஒரு மிதவை வேண்டும்.

தரைமேல் 1 குதிரைத்திறன் மோட்டார் வைத்த வீட்டை எடுத்துக்கொள்வோம். புறப்படும்போது மோட்டார் இழுக்கும் மிகை மின்சாரத்தால் மிதவையின் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளக்கூடும். எனவே மோட்டாரின் மின்சாரம் கண்டாக்டர் வழியே செல்லட்டும். அதன் 230 வோல்ட் சுருளுக்குப் போகும் பேஸ் கம்பி மட்டும் இரு மிதவைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும். மேல் மிதவை தொங்குகையில் இணைய வேண்டும். கீழ் மிதவையோ எழும்புகையில் இணைய வேண்டும். மூன்று கம்பி மிதவையில் இவ்விரு வகை இணைப்பும் உண்டு. கம்பியின் நிறத்தை நம்பாமல், மிதவையைக் கையில் நிமிர்த்தியும் தொங்கவிட்டும் மீட்டரால் சோதித்தறிவதே நன்று.

புட்வால்வுக்கு ஓரடி மேலே நீர் இருக்கும்போதே கீழ் மிதவையின் இணைப்பு அறும்படி அதன் கேபிளைக் கட்டுக. தொங்கும் கேபிள் மிகக் குட்டையானால் மோட்டார் அடிக்கடி ஓடி நிற்கும். மோட்டார் ஓடுகையில் அக்கேபிளை மேலே இழுத்து மிதவையைத் தொங்கவிட்டால், ஓட்டம் உடனே நிற்க வேண்டும்.

தொட்டிநீருக்குள் 230 வோல்ட் இறங்குவதால் 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கரும் எர்த்தும் இன்றியமையாதவை. மெயினை அணைத்த பின்னரே கை வைக்க வேண்டும்.

புட்வால்வு கசிந்து குழாய் காலியானால், கீழே நீரிருந்தும் பம்பு வறண்டு ஓடும். இதனை மிதவை அறியாது. மின்சாரம் குறைவதைக் கண்டு நிறுத்தும் ரிலேயே அங்கு உதவும்.