கம்மிய குரலும் கசாயத் தம்ளரும்

ஆடி மாதக் கோயில் கொடையில் நள்ளிரவு தாண்டியும் பாடிய மெல்லிசைக் குழுப் பாடகருக்கு மறுநாள் காலையில் குரல் கம்மிப்போனால், வைத்தியம் சொல்ல ஊரே கூடிவிடும். தவில்காரர் சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வார். கமிட்டித் தலைவர் வீட்டிலிருந்து மிளகுக் கசாயம் வரும். பச்சை முட்டை குடித்தால் ஒரே நாளில் சரியாகும் என்று அடித்துச் சொல்ல ஒரு சித்தப்பா எப்படியும் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் அடுத்த கச்சேரி. கையில் இருப்பது ஒன்றரை நாள்.

சொல்பவர்கள் எல்லோரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் தரும் எதுவும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போவதில்லை.

நம்பிக்கை: கசாயமும் பனங்கற்கண்டும் குரல்நாணை ஆற்றும்

குரல்நாண்கள் இருப்பது மூச்சுப் பாதையில், குரல்வளைக்குள். விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை இறுக மூடிக்கொள்ள, கசாயம் பின்புறமாக உணவுக்குழாய்க்குள் இறங்கிவிடும். ஒரு சொட்டு தவறிப்போய் நாணைத் தொட்டால்கூட புரையேறி, இருமித் தள்ளிவிடுவோம். பனங்கற்கண்டும் தேனும் தொண்டையின் வறட்சியையும் அரிப்பையும் தணிப்பது உண்மை. அந்த இதத்தையே குரல் தேறியதாக எடுத்துக்கொண்டு பாட உட்கார்ந்தால்தான் வம்பு. புதினா மிட்டாயிலும் இதே கதை: தொண்டை ஜிலுஜிலுவென்று இருக்கும், நாணின் வீக்கம் அப்படியே இருக்கும். அதிமதுரத்தை அளவு மீறி நாள்கணக்கில் சப்பினால் ரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

தண்ணீர் குடிப்பது பலன் தரும், ஆனால் சுற்றுவழியில். அது ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கப் பரவி, நாண்களின் மேலுள்ள மெல்லிய சளிப்படலம் நீர்த்து வழுக்கலாக இருக்கும்படி செய்ய நேரம் பிடிக்கும். மேடை ஏறும்போது மடக்மடக்கென்று குடித்தால் அது அந்தக் கச்சேரிக்கு உதவாது. நேராக நாணைத் தொடுவது மூச்சோடு போகும் ஈரம்தான். அதனால் வெறும் நீராவி சில நிமிடம் பிடிக்கலாம். தைலம் வேண்டாம், கொதிக்கும் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

நம்பிக்கை: குசுகுசுவென்று பேசினால் குரலுக்கு ஓய்வு

சாதாரணப் பேச்சிலேயே ஆணின் நாண்கள் நொடிக்கு 100 முறைக்கு மேலும், பெண்ணின் நாண்கள் 200 முறை அளவிலும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கத்தும்போது மோதலின் வேகமும் அழுத்தமும் கூடுகின்றன. பல மணி நேரம் அடிவாங்கிய விளிம்பு வீங்கித் தடித்து, இரண்டும் சரியாகப் பொருந்தாமல், இடையே காற்று கசிகிறது. நம் காதில் விழும் கரகரப்பு அதுதான்.

குசுகுசுப்பில் மோதல் இல்லை, எனவே அது ஓய்வு என்று தோன்றுவது இயல்பு. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குரல் சிக்கலோடு வந்த 100 பேரைக் குசுகுசுக்கச் சொல்லி, குழாய்க் கேமரா வழியே பார்த்தார்கள். 69 பேருக்கு நாண்களுக்கு மேலேயுள்ள தசைகள் வழக்கத்தைவிட இறுகின. 18 பேருக்கு வித்தியாசமில்லை. 13 பேருக்கு மட்டும் இறுக்கம் குறைந்தது. ஆக, பெரும்பாலானவர்களுக்கு இது ஓய்வே இல்லை. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவில், மெதுவான சொந்தக் குரலில் நாலு வார்த்தை பேசுவது மேல். அடிக்கடி ‘க்கும்’ என்று கனைப்பதுதான் குசுகுசுப்பதைவிடக் கெடுதல். வீங்கிய இரண்டு விளிம்புகளை ஓங்கி அறைவதற்குச் சமம் அது. கனைக்கத் தோன்றினால் ஒரு மிடறு தண்ணீர் விழுங்கலாம்.

நம்பிக்கை: சத்தமாகப் பாட வந்தால் குரல் வந்துவிட்டது

நம் பாடகரின் சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். ஒத்திகை கிடையாது. போன் பேச்சு இல்லை, குறுஞ்செய்தி மட்டும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். மாலையில், கரகரப்பு சற்று இறங்கியபின், ஓர் எளிய பயிற்சி: பாதி தம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலின் நுனியை இரண்டு விரல்கடை அமிழ்த்தி, குழலை உதட்டால் கவ்விக்கொண்டு, ‘ஊ’ என்று மெல்ல இழுத்தபடி குமிழி விட வேண்டும். குழலுக்குள் எதிர்த்து நிற்கும் காற்று நாண்களைச் சற்று விலக்கிப் பிடிப்பதால் அவை அழுத்தமின்றி அதிரும். இரண்டு மூன்று நிமிடம் போதும். இறுக்கமோ எரிச்சலோ தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஞாயிறு காலையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முழுக்குரலில் ஒரு பல்லவியை எடுத்துவிட்டு, “வந்திருச்சு!” என்கிறார்கள். ஓங்கிப் பாடும்போது மூச்சின் வேகமே வீங்கிய நாணையும் தள்ளி அதிரவைத்துவிடும், வீக்கம் ஒளிந்துகொள்ளும். அது பிடிபடுவது உயர்ந்த சுருதியில், மிக மெல்லிய குரலில். பழக்கமான ஒரு வரியை மேல் ஸ்தாயியில், தூங்கும் குழந்தை எழாத அளவு மெதுவாகப் பாடிப் பார்க்க வேண்டும். சுரம் பிறப்பதற்குமுன் ‘ஹ்’ என்று காற்று முந்திக்கொண்டாலோ, வழக்கமாக மெதுவாகவே எட்டும் சுரம் இன்று ஓங்கினால்தான் எட்டும் என்றானாலோ, வீக்கம் இன்னும் இருக்கிறது. பாடகர்களைப் பரிசோதிக்கும் குரல் மருத்துவர்கள் கையாளும் சோதனைதான் இது.

அப்படித் தெரிந்தால் அன்றிரவு சுருதியை இறக்கலாம், உச்சஸ்தாயிப் பாட்டுகளைக் குழுவில் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். அதோடு ஒரு மானிட்டர் ஸ்பீக்கரையும் பாடகர் பக்கம் திருப்பி வைக்கச் சொல்ல வேண்டும். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்பதை லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911லேயே எழுதிவிட்டார். டிரம்ஸுக்குப் பக்கத்தில், தன் குரல் தன் காதில் விழாமல் நிற்பவர் கத்தாமல் என்ன செய்வார்?

நம்பிக்கை: ஓர் ஊசி போட்டால் மேடை ஏறிவிடலாம்

ஸ்டீராய்டு ஊசி வீக்கத்தைத் தற்காலிகமாக வடியவைக்கக்கூடும், காயத்தை ஆற்றாது. குரல்வளைக்குள் பார்க்காமல் அதைப் போட்டுக்கொள்வது கண்ணைக் கட்டிக்கொண்டு மேடையேறுவதுதான். நாணில் ரத்தம் கசிந்திருந்தால், பாடப் பாட அது பெருகும். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் ரத்தக் கசிவை அதிகமாக்கக்கூடியவை.

கசிவை வலி காட்டிக்கொடுக்காது. பாட்டின் நடுவில், ஓங்கி எடுத்த ஓர் இடத்தில், குரல் பட்டென்று அறுந்துபோவதுதான் பெரும்பாலும் ஒரே அடையாளம். அப்போது மீதிப் பாட்டை முடிக்கக் கூடாது. கசாயம், குழல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முழு மௌனம், அடுத்து காது மூக்கு தொண்டை மருத்துவர். பிரிட்டிஷ் பாடகி அடெல் 2011இல் இப்படி நாணில் ரத்தம் கசிந்து, கச்சேரிகளை ரத்து செய்து, பாஸ்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

வழக்கமான கம்மல் சில நாளில் தேறிவிடும். நாலு வாரம் தாண்டியும் நீடித்தால் குரல்வளையை நேரில் பார்த்தாக வேண்டும் என்கிறது அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அப்படிப் பார்க்குமுன் ஆன்டிபயாட்டிக்கோ ஸ்டீராய்டோ வழக்கமாக எழுதித்தரக் கூடாது என்றும் அது சொல்கிறது. மூச்சுத் திணறல், விழுங்கச் சிரமம், சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி இருந்தாலோ, புகைபிடிப்பவராக இருந்தாலோ நாலு வாரம் காத்திருக்கக் கூடாது. மேடைப் பாடகர்களும் அப்படித்தான். முன்னதாகவே போய்விட வேண்டும். பரிசோதனைக்கு மயக்க மருந்து தேவைப்படாது. மூக்கு வழியே ஒரு மெல்லிய குழாய்க் கேமரா, சில நிமிடம், அவ்வளவுதான். நாண் அதிர்வதை மெதுவாக்கிக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. சிறிய காய்ப்பு, விளிம்பின் விறைப்பு போன்றவை சாதாரண வெளிச்சத்தில் தப்பிவிடக்கூடும்.