போகிற வழியில் ஓர் இடம்: முதன்முறை சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கு



2023 பிப்ரவரி 15. விராலிமலை அருகே உள்ள பிலிப்பட்டி அரசு நடுநிலைப் பள்ளி மாணவிகள் கால்பந்துப் போட்டிக்காகத் தொட்டியம் பக்கம் வந்திருந்தார்கள். அதன் பிறகு மாயனூர் கதவணைப் பக்கம் போனவர்கள் காவிரியில் இறங்கினார்கள். நான்கு மாணவிகள் மூழ்கி இறந்தனர். தலைமை ஆசிரியர் உட்பட ஆசிரியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

பெற்றோர் பிள்ளைகளை அனுப்பியது பந்தாட. ஆற்றுக்கு அல்ல.

ஒப்புதல் கடிதம் எழுத உட்காரும் எந்த ஆசிரியருக்கும் முதலில் நினைவுக்கு வரவேண்டியது இதுதான். கடிதத்தில் எழுதாத இடத்துக்குப் பெற்றோரின் சம்மதம் கிடையாது. ஒரகடத்துப் பள்ளி ஒன்று ஏழாம் வகுப்பை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போவதாக வைத்துக்கொள்வோம். ‘வண்டலூர் சுற்றுலாவுக்கு அனுப்பச் சம்மதம்’ என்ற ஒற்றை வரி போதாது. காலை எத்தனை மணிக்கு வண்டி பள்ளியிலிருந்து கிளம்பும், சாப்பாடு எங்கே, திரும்பும் வழியில் வேறு எங்கே நிற்கும், மாலை எந்த இடத்தில் இறக்கிவிடுவார்கள், அங்கே பிள்ளையை யார் கூட்டிப்போவார் என்பதெல்லாம் வரவேண்டும். கடற்கரையோ ஏரியோ திட்டத்தில் உண்டென்றால் அதைத் தனி வரியாகவே எழுதி, தண்ணீரில் இறங்கலாமா கூடாதா என்பதையும் சொல்லிவிட வேண்டும். வண்டியில் ஏறிய பிறகு பிள்ளைகள் ‘சார், அங்கேயும் போலாம் சார்’ என்று கெஞ்சத்தான் செய்வார்கள். கடிதத்தில் இல்லை என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஷிஃப்டு மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் நெருக்கியடிக்கும். திரும்பும் நேரத்தை அதைக் கணக்கில் வைத்தே போட வேண்டும். ஐந்து மணி என்று எழுதிவிட்டு ஏழு மணிக்கு வந்தால், இடைப்பட்ட இரண்டு மணி நேரமும் வாசலில் நிற்பவர்களுக்கு நரகம்.

ஒரகடம் பகுதியில் படிவங்கள் அதிகம் சறுக்குவது தொலைபேசி எண்ணில். பெரும்பாலான படிவங்களில் ‘தந்தை கைபேசி’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பத்து இலக்கமும் சரியாகவே இருக்கும். ஆனால் பல தொழிற்சாலைகளில் ஆலைக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. காலை ஷிஃப்டுக்குப் போன அப்பாவின் போன் லாக்கரில் அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் சுற்றுலா நாளன்று அந்த நேரத்தில் போனை எடுக்கக்கூடிய இரண்டு பேரைக் கேட்க வேண்டும்: வீட்டில் இருக்கும் பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர், கம்பெனியின் செக்யூரிட்டி எண். அவர்கள் பிள்ளைக்கு என்ன உறவு என்பதும் எழுதப்பட வேண்டும். கிளம்பும் முன் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தால் தப்பான எண்கள் அப்போதே தெரிந்துவிடும்.

உடல்நலப் பகுதியில் ‘நோய் ஏதும் உண்டா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். வீசிங்கையோ வலிப்பையோ சொன்னால் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் பெற்றோருக்கு. ‘மூச்சிரைப்பு, வலிப்பு, சேராத உணவு, சேராத மருந்து: இருந்தால் எழுதுங்கள், கவனித்துக்கொள்ளத்தான் கேட்கிறோம்’ என்று இருந்தால் உண்மை வரும். மருந்து தரவேண்டுமென்றால் பெயர், அளவு, நேரம், யார் கையில் கொடுத்தனுப்புகிறார்கள் என்பதும் தேவை. அவசரத்தில் பெற்றோர் கிடைக்காவிட்டால் அருகிலுள்ள மருத்துவமனையில் சேர்க்கச் சம்மதம் என்ற வரியும் கட்டாயம்.

எழுதக் கூடாத ஒரு வரியும் உண்டு: ‘எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல.’ 1995 மே மாதம், பதான்கோட் அருகே ஒரு பள்ளியிலிருந்து பிக்னிக் போன 14 மாணவர்கள் பியாஸ் ஆற்றில் மூழ்கினர். உடன்போன ஆசிரியர்களின் அலட்சியத்துக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெற்றோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டையும் உறுதிசெய்தது. பெற்றோரின் கையெழுத்து பயணத்துக்கான அனுமதி. ஆசிரியரின் கவனக்குறைவுக்கு அது அனுமதி ஆகாது. ‘பள்ளி பொறுப்பல்ல’ என்ற வரியைப் போட்டு வைக்கும் பள்ளிகள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கின்றன.

ஒரகடத்தில் பீகார், ஒடிசா குடும்பங்கள் நிறைய. தமிழ்க் கடிதத்தில் அவர்கள் போடும் கையெழுத்து, படிக்காமல் போட்டது. அவர்களுக்குத் தெரிந்த மொழியில் ஒரு பிரதி தரலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, ரேகை வாங்கி, வாசித்தவர் யார் என்று குறிக்கலாம். ‘அனுப்பவில்லை’ என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். காரணம் கேட்க வேண்டாம். பணம் கட்ட முடியாத வீடுகள் அதை எழுத மாட்டா.

தாள் விஷயத்தில் பல பள்ளிகள் செய்யும் தவறு, முழுக் கடிதத்தையும் திரும்ப வாங்கிவிடுவது. அப்புறம் பெற்றோர் கையில் நேரமும் இருக்காது, ஆசிரியரின் எண்ணும் இருக்காது. மேல்பாதியில் பயண விவரமும் பொறுப்பாசிரியர் எண்ணும் போட்டு வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். சம்மதமும் உடல்நல விவரமும் உள்ள கீழ்பாதியை மட்டும் கிழித்து வாங்க வேண்டும். அந்தக் கீழ்பாதிகள் ஆபீஸ் பீரோவில் தூங்கினால் பயனில்லை. வருகைப் பட்டியல் வரிசையில் அடுக்கி ஒரு கோப்பாக ஆசிரியரோடு பஸ்ஸில் போகட்டும். நகல் தலைமை ஆசிரியரிடம் இருக்கட்டும். தாள் வராத பிள்ளையைப் போனில் வாங்கிய வாய்ச் சம்மதத்தை நம்பி வண்டியில் ஏற்ற வேண்டாம்.