வங்கி மேலாளருக்கு ஒரு முறையீட்டுக் கடிதம்



பாறசாலையிலும் நெய்யாற்றின்கரை வட்டத்து எல்லைச் சிற்றூர்களிலும் எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வங்கியிலிருந்து தாள் வந்தால், படிக்கிற பிள்ளையிடம் நீட்டுவார்கள். கடன் கணக்கறிக்கையில் 'பீனல் சார்ஜஸ்' என்றொரு வரி இருந்தால், "மேலாளரிடம் இரக்கம் காட்டச் சொல்லி எழுது" என்பார்கள். இரக்கம் கேட்கும் கடிதத்துக்கு 'இயலாது' என்ற ஒரு சொல்லே மறுமொழியாகிவிடும். கணக்குக் காட்டும் கடிதத்துக்கு வங்கி கணக்கோடுதான் மறுமொழி தரவேண்டும். ஆதலின் முதல் வேலை எழுதுவதன்று, கணக்கிடுவது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கடனில் மீதி ரூ.1,50,000. மாதத் தவணை ரூ.6,000. சூலை 5 ஆம் நாள் கட்டவேண்டிய தவணை சூலை 15 இல் கட்டப்பட்டது. சூலை 31 இல் அபராதம் ரூ.1,000, அதன்மேல் சரக்கு சேவை வரி ரூ.180, ஆக ரூ.1,180 பற்று எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது கடன் ஒப்பந்தத்தைத் திறந்து பார்க்கவேண்டும். 'தவறிய தொகையின்மேல் மாதத்துக்கு 2 விழுக்காடு' என்று அதில் உள்ளது என்போம். ரூ.6,000 க்கு ஒரு மாத அபராதம் ரூ.120. பத்து நாளுக்கு ரூ.40 தான். பின் ஆயிரம் எப்படி வந்தது? ரூ.1,50,000 க்கு அதே விகிதத்தில் பத்து நாள் போட்டுப் பாருங்கள், சரியாக ரூ.1,000 வரும். தவறிய தவணையின்மேல் போடவேண்டியதைக் கடன் முழுவதின்மேலும் போட்டுவிட்டார்கள். பிழையைச் சுட்டுவதோடு அது நேர்ந்த வழியையும் காட்டினால், மேலாளர் அதை மறுப்பது அரிது.

அடுத்தது வரி. கடன் தவணை தவறியதற்காக வங்கி விதிக்கும் அபராதக் கட்டணத்துக்குச் சரக்கு சேவை வரி இல்லை என்று 2025 சனவரியில் நடுவணரசின் மறைமுக வரி வாரியம் தெளிவுபடுத்தியது. ஆகவே ரூ.180 முழுவதும் திரும்ப வரவேண்டியது.

மூன்றாவது, அபராதத்தின்மேல் வட்டி. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 இல் வகுத்த விதி, புதுக் கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய கடன்களை அவ்வாண்டு சூன் 30 க்குள் அதன்கீழ்க் கொணர வேண்டியிருந்தது. அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக்கூடாது என்பது அவ்விதி. அடுத்த மாத வட்டி ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும்.

ஆனால் ஓர் எல்லை உண்டு. அபராதம் நியாயமான அளவில் இருக்கவேண்டும் என்று சொன்ன ரிசர்வ் வங்கி, இத்தனை விழுக்காடுதான் என்று உச்சவரம்பு கட்டவில்லை. ஆகவே 'அதிகம்' என்ற ஒரு சொல்லை நம்பி எழுதவேண்டாம்; ஒப்பந்தத்தின் சொல்லைக் காட்டி எழுதுங்கள். ஒப்புக்கொள்ள வேண்டிய நாற்பது ரூபாயையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

கடிதம் இவ்வாறு அமையலாம்:

கிளை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: கடன் கணக்கு எண் ... : அபராதக் கட்டணத்தைத் திருத்தக் கோருதல்.

ஐயா,

சூலை 5 ஆம் நாள் தவணை ரூ.6,000 ஐச் சூலை 15 இல் செலுத்தினேன். ஒப்பந்தத்தின் ... ஆம் பிரிவின்படி பத்து நாளுக்கு அபராதம் ரூ.40. சூலை 31 இல் ரூ.1,180 பற்று வைக்கப்பட்டுள்ளது. கடன் மீதி முழுவதின்மேலும் அபராதம் கணக்கிடப்பட்டதாகத் தெரிகிறது. இக்கட்டணத்துக்கு வரியும் இல்லை. எனவே ரூ.1,140 ஐயும், அபராதத்தின்மேல் வட்டி சேர்ந்திருந்தால் அதனையும் திரும்ப வரவு வைத்து, திருத்திய கணக்கறிக்கை தருமாறு வேண்டுகிறேன். மறுப்பதாயின் கணக்கிட்ட முறையை எழுத்தில் தெரிவிக்கவும்.

இணைப்பு: கணக்கறிக்கை, ஒப்பந்தப் பக்கம், பணம் செலுத்திய சீட்டு ஆகியவற்றின் படிகள்.

இதைத் தமிழில் கொடுக்கலாமா என்று நம்மூரார் கேட்பார்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர்க்குத் தரும் உரிமை மாநில அரசோடு செய்யும் கடிதப் போக்குவரத்துக்கு உரியது. வங்கி அதில் அடங்காது. தமிழ்க் கடிதத்தோடு மலையாளப் படியோ ஆங்கிலப் படியோ சேர்த்துக் கொடுப்பது நலம். நம்மிடம் வைத்துக்கொள்ளும் படியில் கிளையின் முத்திரையும் தேதியும் பெறாமல் திரும்பவேண்டாம். நாள் எண்ணிக்கை அதிலிருந்துதான் தொடங்குகிறது.

முப்பது நாளில் மறுமொழி வராவிட்டாலோ, வந்தது நிறைவு தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in வழியே கட்டணமின்றி முறையிடலாம். ஆனால் கடன் கொடுத்தது ஊரின் சர்வீஸ் கூட்டுறவு வங்கியாயின் அவ்வழி திறவாது. பெயரில் வங்கி என்றிருந்தாலும் அது தொடக்க வேளாண் கடன் சங்கம். ரிசர்வ் வங்கியின் மேற்சொன்ன விதியும் அதற்குப் பொருந்தாது. அங்கே ஒப்பந்தமே நம் சான்று, முறையீடு செல்லவேண்டிய இடம் மாநிலக் கூட்டுறவுத் துறை. ஆகையால் உறையின்மேல் முகவரி எழுதுமுன், கடன் தந்தது எவ்வகை வங்கி என்பதைப் பாஸ்புக்கின் முதற் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.