பெயர் வைப்பதற்கு முன் பேச்சை எழுதுங்கள்

மனநல வார்டில் பயிற்சி பெறும் மாணவர்களின் கேஸ் ஷீட்டில் ‘ஃபார்மல் தாட் டிஸ்ஆர்டர் உண்டு’ என்ற ஒற்றை வரியை அடிக்கடி பார்க்கிறேன். அடுத்த வாரம் இன்னொரு டாக்டர் வந்து, நோயாளி தேறியிருக்கிறாரா என்று அந்த வரியை வைத்துச் சொல்லவே முடியாது. நோயாளியைச் சில நிமிடம் குறுக்கிடாமல் பேசவிடுங்கள். கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் அவர் பேசியபடியே எழுதுங்கள். வகுப்புக்காக நான் எழுதிய மாதிரி இது:

“காலையில என்ன சாப்பிட்டீங்கய்யா?”

“இட்லி சாப்பிட்டேன் டாக்டர். இட்லி வெள்ளையா இருந்துச்சு. எங்க தாத்தா வெள்ளை வேட்டிதான் கட்டுவாரு. நிலத்துக்காகக் கேஸ் போட்டாரு. கேஸ் தீர்ந்தா சிலிண்டர் வரணும்ல. சிலிண்டர் சிவப்பா நீலமான்னு கப்பல்காரன்தான் சொல்லணும்.”

இதைப் பலரும் ‘டேன்ஜென்ஷியல்’ என்பார்கள். தவறு. நான்சி ஆண்ட்ரியாசன் 1979-இல் வெளியிட்ட வரையறைகளின்படி, அந்தச் சொல் கேள்விக்கு உடனே வரும் பதிலுக்கு மட்டுமே உரியது. இவரோ முதல் வாக்கியத்திலேயே சரியான பதிலைச் சொல்லிவிட்டார். தடம் மாறுவது அதற்குப் பிறகுதான், ஆகவே இது டீரெயில்மென்ட். இட்லியை விட்டு, “ஓட்டல்காரங்க எல்லாம் மாவுல சுண்ணாம்பு கலக்குறாங்க” என்று தொடங்கியிருந்தால் டேன்ஜென்ஷியல். எழுந்தது, பல் துலக்கியது, கடைக்குப் போனது எல்லாம் சொல்லிக் கடைசியில் இட்லிக்கு வந்து சேர்ந்திருந்தால் சர்கம்ஸ்டான்ஷியல்.

‘வேர்ட் சாலட்’ என்றும் எழுதிவிடாதீர்கள். மேலே ஒவ்வொரு வாக்கியமும் தனியே நின்றால் பொருள் தருகிறது. வாக்கியங்களுக்கு இடையில்தான் இழை அறுகிறது. “இட்லி மேல நேத்து சட்டம் ஓடுன கதவு” என்று வாக்கியத்துக்குள்ளேயே சிதைந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

வழக்கு கேஸிலிருந்து அடுப்பு கேஸுக்குத் தாவியதைப் பார்த்து ‘ஃப்ளைட் ஆஃப் ஐடியாஸ்’ என்று முடிவுகட்டுபவர்களும் உண்டு. ஒலியை வைத்துத் தாவுவது மட்டும் அதற்குப் போதாது. நிறுத்த முடியாத வேகத்தில் கொட்டும் பேச்சில் இப்படித் தாவினால்தான் அந்தச் சொல். எழுத்தில் வேகம் தெரியாது என்பதால் அதைத் தனியே பதிய வேண்டும். இந்த நோயாளிக்கு நான் எழுதுவது: ‘பேச்சு சாதாரண வேகம், குறுக்கிட்டால் நிறுத்துகிறார். கேள்விக்கு நேரடிப் பதில், பிறகு டீரெயில்மென்ட், ஓரிடத்தில் ஒலி ஒற்றுமையால் தாவல்.’ அடியில் அவர் பேச்சு அப்படியே.

“பக்கத்து வீட்டுக்காரன் இட்லியில விஷம் வைக்கிறான்” என்று ஒருவர் கோர்வையாகச் சொன்னால் அது டெலூஷன். கோளாறு சொல்லும் விஷயத்தில் இருக்கிறது, சொல்லும் வடிவத்தில் இல்லை. அதை ஃபார்மல் தாட் டிஸ்ஆர்டர் என்ற தலைப்பின் கீழ் எழுதக்கூடாது.

வயதானவருக்குப் பேச்சு திடீரெனக் குழறினால் இந்தப் பெயர்கள் எதையும் எழுதாமல் பேனாவையும் கடிகாரத்தையும் காட்டிப் பெயர் கேளுங்கள். ஒரு சிறு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டில் எதில் தடுமாறினாலும் பக்கவாதத்தால் வந்த அஃபேஸியாவாக இருக்கலாம். நரம்பியல் டாக்டரை உடனே அழைக்க வேண்டும்.